‘வைத்துவிட்டு’ என்ற சொல்லும் ஒரு விபத்து வழக்கும்

முதுகலை மொழியியலை முடித்துவிட்டு முனைவர் பட்ட உதவித்தொகைக்காகக் காத்திருந்த காலத்தில், மைசூரில் ஓர் அச்சகத்தில் பகுதிநேரமாக மெய்ப்புத் திருத்தினேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் அழைப்பிதழ்களும் பாடநூல்களும் அச்சாகும் சிறிய இடம் அது. உரிமையாளரைத் தவிர ஏழு பேர். அவர்களுள் ஒருவர் அச்சு இயந்திரத்துக்கு உதவியாளர். வெளிவேலைக்குச் செல்பவரும் அவரே. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் அவரை ‘அண்ணன்’ என்றே அழைத்தேன். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன். அவருக்கு நேர்ந்த விபத்தையும், அதில் நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புப் பிழையையும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அண்மையில் ஆய்வுக்கூட நண்பர் ஒருவர், ‘வேலையாக அனுப்பியவரின் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது?’ என்று கேட்டார். அதற்கு எனக்குத் தெரிந்த விடை இந்தக் கதைதான்.

2022 மார்ச் மாதம். முற்பகல் 11.20க்கு அண்ணன் தன்னுடைய சொந்த மோட்டார் சைக்கிளில் சரஸ்வதிபுரத்திலிருந்து புறப்பட்டார். குவெம்புநகரில் ஒரு வாடிக்கையாளரிடம் மெய்ப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அச்சகத்துக்கென்று வண்டி கிடையாது. வாரத்துக்கு 200 ரூபாய் பெட்ரோலுக்குக் கொடுத்து, செலவுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். 11.50க்கு மெய்ப்பு சேர்ந்தது. 12.05க்கு உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, திரும்பும் வழியில் அசோகா ரோட்டுக் காகிதக் கடையில் ஆர்ட் தாள் இரண்டு ரீம் எடுத்துவரச் சொன்னார்.

அண்ணனின் வீடு வித்யாரண்யபுரத்தில். குவெம்புநகரிலிருந்து அசோகா ரோட்டுக்குப் போகும் நேர்வழியில் அது இல்லை. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுற்று. தாயாருக்கான சர்க்கரை மாத்திரை அவருடைய சட்டைப்பையில் இருந்தது. வீட்டுக்குப் போய் மாத்திரையைக் கொடுத்தார், ஒரு குவளை தண்ணீர் குடித்தார், கிளம்பினார். வித்யாரண்யபுரத்திலிருந்து வரும் சாலையும் குவெம்புநகரிலிருந்து வரும் சாலையும் அரண்மனைக்குத் தெற்கே ஒரு சந்திப்பில் கூடுகின்றன. அந்தச் சந்திப்பைத் தாண்டி முந்நூறு மீட்டர் தொலைவில், சாலையில் சிந்தியிருந்த ஜல்லியில் வண்டி சறுக்கியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. வேறு யாருக்கும் அடியில்லை. அருகிலிருந்தவர் 108க்கு அழைத்தது 12.43க்கு.

மருத்துவமனையில் நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். வலியோடு அவர் சொன்ன வாக்கியம் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது: “குவெம்புநகர்ல ப்ரூஃபைக் குடுத்துட்டு, வீட்ல அம்மாவுக்கு மாத்திரைய வச்சிட்டு, அசோகா ரோட்டுக்குப் பேப்பர் எடுக்கப் போயிட்டிருந்தேன் தம்பி.”

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘எங்கிருந்து வந்துகொண்டிருந்தார்’ என்று கேட்டார்கள். எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்கவில்லை. நான் ஆங்கிலத்தில், வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தபோது சறுக்கி விழுந்தார் என்று பொருள்படும் ஒரு வரியைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து, உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றபோது, அதே வரியைக் கடிதத்திலும் எழுதினேன். வீட்டுக்குப் போனதை மறைப்பது நேர்மையற்றது என்று எனக்குத் தோன்றியது. காகிதத்தை விட்டுவிட்டதைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன் என்ற நிறைவுதான் இருந்தது.

உரிமையாளரின் பதில் மூன்று வரிகளில் வந்தது. வண்டி அவருடையது. போனது அவருடைய வீட்டுக்கு. விபத்து வீட்டிலிருந்து திரும்பும்போது நடந்ததாக அவர் தரப்பே எழுதியிருக்கிறது. ஆகவே அச்சகத்துக்குப் பொறுப்பில்லை.

உரிமையாளர் கெட்டவர் அல்லர். அறுவைச் சிகிச்சை நாளன்று இரவு முழுவதும் மருத்துவமனையில் இருந்தவர் அவர்தான். ஆனால் ஊழியர்களுக்கென்று அவர் காப்பீடு எடுத்திருக்கவில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்ததால் இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள்ளும் அச்சகம் வரவில்லை. எந்தத் தொகை வந்தாலும் அது அவருடைய கையிலிருந்துதான் போக வேண்டும்.

அண்ணனின் பக்கமும் அப்படித்தான். வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தது. ஆனால் கட்டாயக் காப்பீடு என்பது பிறருக்கு நேரும் தீங்குக்கானது, ஓட்டியவருக்கு உதவாது. உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பும் இறப்புக்கும், உறுப்பிழப்பு போன்ற பெரும் நிரந்தர ஊனத்துக்குமே உரியது. கம்பி வைத்துச் சேர்த்த காலுக்கு அதில் இடமில்லை. ஆகவே எஞ்சிய ஒரே வழி 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். விபத்து நடந்தபோது அதுவே நடப்பிலிருந்தது.

அந்தச் சட்டத்தில் யாருடைய கவனக்குறைவு என்பது கேள்வியே இல்லை. ஊழியர் வேகமாக ஓட்டியிருந்தாலும் இழப்பீடு உண்டு. குடித்திருந்தார், பாதுகாப்புக்காக இடப்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்பன போன்ற சில விலக்குகள் மட்டுமே உள்ளன. அச்சகம் உற்பத்தி நடக்கும் இடமாகக் கருதப்படுவதால், அதன் வெளிவேலையைச் செய்பவரும் சட்டத்தின் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் வருவார். வேலை அச்சகச் சுவருக்குள் நடக்க வேண்டியதில்லை. வண்டி யாருடையது என்பதும் தீர்மானிக்காது. அச்சக வேலைக்கு அந்த வண்டிதான் பயன்படுகிறது என்பதை உரிமையாளர் அறிந்திருந்தார் என்பதற்குப் பெட்ரோல் சீட்டுகளே சான்று. இவ்வளவும் அண்ணனுக்குச் சாதகம். ஆனால் ஒன்று எஞ்சியது. காயம் வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்திருக்க வேண்டும். அதை மெய்ப்பிக்கும் சுமை கேட்பவருடையது. கப்பலில் பணியிலிருந்த மாலுமி ஒருவர் இரவில் காணாமற்போன மக்கின்னன் மெக்கன்சி வழக்கில், 1969இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவர் இறந்தது வேலையால்தான் என்று ஊகிக்கப் போதுமான சான்று இல்லை என்பதால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

வழியிலிருந்து விலகிய ஊழியரைப் பற்றிய சிந்தனை வேறொரு சட்டத் துறையிலிருந்து வருகிறது. ஊழியர் பிறருக்குத் தீங்கு செய்தால் முதலாளி பொறுப்பாவாரா என்பது அத்துறையின் கேள்வி. 1834இல் இங்கிலாந்தில் ஜோயல் எதிர் மாரிசன் என்ற வழக்கு. குதிரை வண்டி ஓட்டிய பணியாள் நண்பரைப் பார்க்க வழிமாறிப் போனபோது ஒருவரை மோதிவிட்டார். நீதிபதி பார்க் வகுத்த கோடு இன்றும் நிற்கிறது. முதலாளியின் வேலையாகப் போகும்போது அவர் சொல்லாத சுற்றுவழியில் போனாலும் முதலாளி பொறுப்பு. முதலாளியின் வேலையே இல்லாமல், தன் விருப்பத்துக்குத் தானாகச் சுற்றப் போயிருந்தால் அவர் பொறுப்பல்லர். இரண்டாவது நிலைக்கு அவர் ‘ஃப்ராலிக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்.

இந்தச் சொல்லைத் தமிழில் தர முயன்றால் ‘களியாட்டம்’, ‘உல்லாசம்’ என்றெல்லாம் வரும். அவை வழிதவறச் செய்பவை. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சியோடு தொடர்பில்லை. ஒருவர் இழவு வீட்டுக்குப் போனாலும் அது ‘ஃப்ராலிக்’ ஆகலாம். வேலையின் நடுவே தேநீர் குடிக்க ஒதுங்கினால் அது ‘ஃப்ராலிக்’ ஆகாமல் போகலாம். பார்க்க வேண்டியது மனநிலையை அன்று, பயணம் யாருடையது என்பதை. ‘தன்போக்குப் பயணம்’ என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கோட்டின் மறுபக்கத்தைக் காட்டுவது 1869இன் ஸ்டோரி எதிர் ஆஷ்டன். மதுவைக் கொண்டுசேர்த்துவிட்டுத் திரும்பிய வண்டிக்காரர், முதலாளியின் இடத்தை நெருங்கிய பிறகு, உடன்வந்த எழுத்தரின் சொந்த வேலைக்காக வண்டியை வேறு திசையில் திருப்பினார். அந்தப் பயணத்தில் ஒருவர் அடிபட்டார். முதலாளி பொறுப்பல்லர் என்றது நீதிமன்றம். அது சுற்றுவழி அன்று, புதிதாகத் தொடங்கிய வேறொரு பயணம் என்பது காரணம். இரண்டு வழக்குகளிலும் வண்டி முதலாளியுடையதுதான். வேறுபாடு, விலகிய நேரத்தில் முதலாளியின் வேலை இன்னும் கையில் இருந்ததா என்பதில்.

இந்தக் கோட்டை அண்ணனின் பயணத்தின் மீது வைத்துப் பார்த்தேன். ஒரே பயணத்துக்குள் மூன்று துண்டுகள் இருந்தன. அச்சகத்திலிருந்து குவெம்புநகர் வரை ஐயமே இல்லை. குவெம்புநகரிலிருந்து வீடு வரையும், வீட்டிலிருந்து சந்திப்பு வரையும் விலகல். சந்திப்பிலிருந்து அசோகா ரோடு வரை, வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தாலும் அவர் வந்திருக்க வேண்டிய அதே சாலை. நடுத்துண்டில் விழுந்திருந்தால் வழக்கு இருபக்கமும் சாய்ந்திருக்கும். இரண்டு கிலோமீட்டர், பத்து நிமிடம், முதலாளி எதிர்பார்க்கக்கூடிய சிறிய விலகல் என்று ஒருவர் வாதிடலாம். மாத்திரை கொடுப்பதில் அச்சகத்துக்கு என்ன வேலை என்று மற்றவர் கேட்கலாம். அவர் விழுந்தது மூன்றாம் துண்டில். அங்கே விலகல் முடிந்துவிட்டது. உரிமையாளர் 12.05க்குக் கொடுத்த வேலையைச் செய்ய, அந்த வேலைக்குரிய சாலையில் போய்க்கொண்டிருந்தார்.

என் வரியில் இந்த மூன்று துண்டுகளும் இல்லை. ‘வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது’ என்றால், பயணத்தின் பெயரே ‘வீட்டுக்குப் போய்வந்தது’ என்றாகிவிடுகிறது. போன இடத்தை வைத்து நான் பயணத்துக்குப் பெயரிட்டேன். போகும் இடத்தை விட்டுவிட்டேன். அண்ணனின் வாக்கியத்தை எழுதிவைத்துப் பார்த்தபோதுதான், அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருந்தது புரிந்தது. ‘குடுத்துட்டு’, ‘வச்சிட்டு’ இரண்டும் வினையெச்சங்கள். அவற்றிலுள்ள ‘விட்டு’ அந்தச் செயல் முற்றுப்பெற்றதைக் காட்டுகிறது. ‘எடுக்க’ என்பது நோக்கத்தைச் சொல்கிறது. ‘போயிட்டிருந்தேன்’ என்ற முற்று, விபத்தின் கணத்தில் நடந்துகொண்டிருந்த செயலைச் சொல்கிறது. விலகல் முடிந்ததா, அந்தக் கணத்தில் எதற்காகப் போனார் என்று சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது. வகுப்பில் வினையெச்சத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், மருத்துவமனை நடைபாதையில் நின்று முற்றை வெட்டிவிட்டு எச்சத்தை மட்டும் மொழிபெயர்த்திருந்தேன்.

அறிவிப்பில் காயத்தின் காரணத்தைச் சாதாரண மொழியில் சொன்னால் போதும் என்கிறது அந்தச் சட்டத்தின் பத்தாம் பிரிவு. அண்ணன் சொன்னது சாதாரண மொழி. நான்தான் அதைக் கெடுத்தேன்.

ஆணையர் முன் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார் உரிமையாளரின் வழக்குரைஞர்.

“இந்தக் கடிதத்தை எழுதியது யார்?”

“நான்.”

“இதில் காகிதம் என்ற சொல் எங்காவது இருக்கிறதா?”

“இல்லை.”

“நீங்கள் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். மொழிபெயர்க்கத் தெரியாமல் எழுதினீர்களா, அல்லது உண்மையை எழுதிவிட்டு இப்போது மாற்றுகிறீர்களா?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. அண்ணன் சொன்ன தமிழ் வாக்கியத்தை முழுமையாகச் சொல்லி, அதைக் கன்னடத்திலும் சொன்னேன். கன்னடத்திலும் வாக்கியம் இப்படித்தான் அடுக்கப்படும். முடிந்த செயல்கள் முன்னே வரிசையாக நிற்கும், நடந்துகொண்டிருக்கும் செயல் கடைசியில் வரும். ஆணையர் குறித்துக்கொண்டார். என் விளக்கம் வழக்கை வென்றது என்று சொல்லமாட்டேன். விபத்துக்குப் பிறகு சொல்லப்படும் எந்த விளக்கத்தையும் ஐயத்தோடுதான் கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும்.

வழக்கைத் தாங்கியவை நான்கு தாள்கள். மெய்ப்பு பெற்றுக்கொண்டதற்கு வாடிக்கையாளர் நேரம் குறித்துப் போட்ட கையெழுத்து. உரிமையாளர் எண்ணிலிருந்து 12.05க்கு வந்த அழைப்பின் பதிவு. அச்சகத்தின் பெயரில் அன்று போடப்பட்டு, யாரும் வாங்க வராததால் கடையிலேயே கிடந்த இரண்டு ரீம் ஆர்ட் தாளுக்கான பட்டியல். விபத்து நடந்த இடத்தைக் குறித்த வரைபடம். நான்காவதுதான் முதன்மையானது. அந்த இடம் இரண்டு சாலைகளும் கூடிய பிறகு வருகிறது என்பதை அதில் விரலை வைத்தே காட்டலாம். உரிமையாளரைக் கேட்டபோது, காகிதம் எடுத்துவரச் சொன்னதை அவர் மறுக்கவில்லை. “சொன்னேன். ஆனா அவன் நேரா போயிருந்தா அந்த நேரத்துல அங்க இருந்திருக்க மாட்டானே” என்றார்.

அது அறிவார்ந்த வாதம். விலகாமல் இருந்திருந்தால் பதினைந்து நிமிடம் முன்பே அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். எனவே விலகலே விபத்துக்குக் காரணம் என்பது அதன் சாரம். ஆனால் அப்படிப் பார்த்தால் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடத் தாமதித்ததும், சிவப்பு விளக்கில் நின்றதும் காரணமாகிவிடும். காலுக்கு அடியில் இருந்த இடர் ஜல்லி. அந்தச் சாலையில் அந்த வேலைக்காகப் போன எவரும் அதைச் சந்தித்திருப்பார். ஆணையர் இந்த அடிப்படையில், சந்திப்பைத் தாண்டியதும் அவர் மீண்டும் வேலைக்குள் வந்துவிட்டார் என்று முடிவு செய்தார்.

கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. அண்ணனின் மாதச் சம்பளம் 14,000 ரூபாய். விபத்தின்போது நிறைவடைந்த வயது 30. அதற்குரிய காரணி 207.98. முழு நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தின் 60 விழுக்காட்டைக் காரணியால் பெருக்க வேண்டும்: 8,400 பெருக்கல் 207.98, அதாவது 17,47,032 ரூபாய். அவருடைய வருவாய் ஈட்டும் திறனில் 10 விழுக்காடு குறைந்ததாக மருத்துவர் சான்றளித்திருந்தார். ஆகவே 1,74,703 ரூபாய். அதோடு பட்டியல்கள் காட்டிய மருத்துவச் செலவு, தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி. உரிமையாளர் ஓர் இயந்திரத்தை விற்றுத்தான் தொகையைச் செலுத்தினார் என்று பின்னர் அறிந்தேன். ஆண்டுக்கொரு முறை ஊழியர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்குக் கட்டணம் செலுத்தியிருந்தால் அந்த இயந்திரம் இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் இப்போது வேறோர் அச்சகத்தில் அட்டைக்கட்டுப் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருக்கிறார். குளிர்காலத்தில் காலில் வலி இருப்பதாகச் சொல்வார்.

தீர்ப்பு வந்த நாளில் அவரிடம் என் பிழைக்காக மன்னிப்புக் கேட்டேன். “நான் வீட்டுக்குப் போனது நெசந்தானே தம்பி, நீ பொய்யா எழுதல” என்றார். பொய் எழுதவில்லை என்பது உண்மை. ஒருவர் சொன்ன வாக்கியத்தில் பாதியை மட்டும் மெய்யாக எழுதினேன். மற்ற பாதியை நிறுவப் பதினெட்டு மாதங்கள் ஆயின.

இதன் பிறகு யாருக்காவது விபத்துக் குறிப்பு எழுத உதவ நேர்ந்தால், எங்கிருந்து வந்தார் என்ற கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்புகிறேன். விழுந்த கணத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தார், யார் சொல்லிப் போனார், கையில் எந்த வேலை முடியாமல் இருந்தது என்பதை முதலில் கேட்டு, அவர் சொல்லும் மொழியிலேயே எழுதிக்கொள்கிறேன். இடையில் விலகியிருந்தால் அதையும் எழுதுகிறேன். விலகியது எங்கே, மீண்டும் வழிக்கு வந்தது எங்கே என்பதோடு சேர்த்து. மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான்.